வாடிக்கையாளரின் ரகசிய வேலையை போர்ட்ஃபோலியோவில் வைப்பதற்கு முன்

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து ஃப்ரீலான்ஸாக யுஐ டிசைன் செய்கிறேன். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ஒரு வியாபாரிக்குக் கொள்முதல் ஆப் டிசைன் செய்து கொடுத்தேன். என் வேலைகளிலேயே இதுதான் நல்லது. ஆனால் ஒப்பந்தத்தில் "வியாபாரத் தகவல்களை வெளியிடக் கூடாது" என்று ஒரு வரி இருக்கிறது. முதலாளியிடம் கேட்டேன், "அதுக்கென்ன மக்களே, போட்டுக்கோ" என்றார். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனிக்கு போர்ட்ஃபோலியோ அனுப்ப வேண்டும். கடைப் பெயரையும் லோகோவையும் மறைத்துவிட்டுப் போடலாமா?

பதில்:

இப்போதைக்குப் போடாதீர்கள். பெயரும் லோகோவும் போனாலும் அந்தக் கடை எது என்று தெரிந்துவிடும், அவர் வாயால் சொன்ன சம்மதமும் போதாது. இரண்டையும் ஒரே வாரத்தில் சரி செய்துவிடலாம். முதலில் உங்கள் கணினியிலேயே அடையாளம் தெரியாத ஒரு பிரதியைத் தயார் செய்யுங்கள். அதை முதலாளியிடம் காட்டுங்கள். அந்தப் பிரதிக்கு மட்டும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதன் பிறகு அனுப்புங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. அவர் எதற்குச் சம்மதித்தார் என்பதைக் கண்ணால் பார்த்திருந்தால்தான் அந்தச் சம்மதத்துக்கு மதிப்பு.

பெயரை மறைப்பது ஏன் போதாது என்பதிலிருந்து தொடங்குகிறேன். சென்னையில் ஒரு துணிக்கடைக்கு வேலை செய்தவர் "ஒரு துணிக்கடை" என்று எழுதினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நம் ஊர் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் ரப்பர் என்றாலே பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம்தான். அதனால் "தமிழ்நாட்டில் ஒரு ரப்பர் வியாபாரி" என்று எழுதும்போதே பாதி முகவரியைச் சொல்லிவிட்டீர்கள். குலசேகரம், திருவட்டார், அருமனை வட்டாரத்தில் விவசாயிகளுக்கு ஆப் வைத்துக் கொள்முதல் செய்யும் கடைகள் எத்தனை இருந்துவிடும்? மீதியை உங்கள் சொந்த ப்ரொஃபைலே சொல்லிவிடும். அதில் மார்த்தாண்டம் என்று ஊர் இருக்கும், அந்த வேலையைச் செய்த வருடம் இருக்கும். ஆப் வெளியான அன்று யாராவது நண்பர் வாழ்த்துப் பதிவில் உங்களை டேக் செய்திருப்பார். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தால் அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவருக்கு அரை நிமிடம் போதும்.

திருவனந்தபுரத்துக் கம்பெனிக்குத்தானே போகிறது, அங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்கலாம். குலசேகரத்திலிருந்து திருவனந்தபுரம் அப்படி ஒன்றும் தூரமில்லை. எல்லைக்கு அந்தப் பக்கமும் ரப்பர் தோட்டம்தான், ரப்பர் வியாபாரிகள்தான். உங்கள் போர்ட்ஃபோலியோவைப் பார்ப்பவரின் மாமனாரே ஷீட் விற்பவராக இருக்கலாம். அப்புறம், பிடிஎஃப் ஒரு முறை கையை விட்டுப் போனால் எத்தனை பேருக்கு ஃபார்வர்டு ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை.

ஒரு திரையை எடுத்துக்கொண்டு உட்காருவோம். நீங்கள் செய்த ஆப்பில் கட்டாயம் ஒரு "இன்றைய கொள்முதல்" பக்கம் இருக்கும். மேலே கடைப் பெயர், ஜிஎஸ்டி எண், ரப்பர் போர்டு லைசென்ஸ் எண், ஃபோன் நம்பர். நடுவில் தர வாரியாக விலை: ஆர்எஸ்எஸ் 4, ஆர்எஸ்எஸ் 5, ஒட்டுப்பால். கீழே விவசாயிகள் பட்டியல்: பெயர், ஊர், எடை, ஈரத்துக்குக் கழித்தது, முன்பண பாக்கி. மூலையில் சரக்கு ஏற்றிய லாரி எண். இதில் கடைப் பெயரை மட்டும் அழித்துவிட்டு மற்றதை விட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்துகள் உரிமையாளரின் அல்லது நிறுவனத்தின் பான் எண். கடைசி மூன்றை மட்டும் மறைத்தால் பான் அப்படியே வெளியில் நிற்கும். முழு எண்ணும் தெரிந்தால் ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பெயரை எடுத்துவிடலாம். ஃபோன் நம்பரில் 04651 என்று இருந்தால் மார்த்தாண்டம், குழித்துறை பக்கம். லாரி எண் டிஎன் 75 என்று தொடங்கினாலும் அதே கதை. இவற்றைப் பாதி மறைப்பதில் பயனே இல்லை, முழுதாக எடுத்துவிட வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால் டிசைன் கெட்டுப்போகும் என்றால் மாதிரி எழுத்துகளைப் போடுங்கள், ஆனால் உண்மை போலத் தோன்றும் எண்ணைப் போடாதீர்கள். தோன்றியபடி பத்து இலக்கம் அடித்தால் அது யாரோ ஒருவருடைய செல் நம்பராக இருக்கும். 00000 00000 என்றே போடலாம், பார்ப்பவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஊர்ப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். குலசேகரத்தை மறைக்கிறேன் என்று அருமனை என்று மாற்றிவிட்டால், அருமனையில் ஷீட் வாங்கும் ஒருவரின் தலையில் இந்தக் கணக்கு போய் விழும். ஊரே வேண்டாம். "கடை 1", "கிளை 2" போதும்.

விவசாயிகள் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். முதலாளி எதை வேண்டுமானாலும் காட்டச் சம்மதிக்கலாம், ஆனால் இன்னாருக்கு இவ்வளவு முன்பணம் பாக்கி என்பதைக் காட்டச் சம்மதிக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. அது அந்த விவசாயியின் விஷயம். பெண் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ கடையில் வாங்கிய பணம் ஊருக்குத் தெரிவதை யாரும் விரும்ப மாட்டார்கள். சட்டமும் இதைத் தனியாகவே பார்க்கிறது. ஒப்பந்தப்படி வேலை செய்யும்போது கைக்கு வந்த ஒருவரின் சொந்தத் தகவலை, அவருக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தே, அவர் சம்மதமில்லாமலோ ஒப்பந்தத்தை மீறியோ வெளியே கொடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 72ஏ பிரிவின் கீழ் மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது. ஆகவே அனுமதிக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, விவசாயி பெயர், ஊர், எடை, பாக்கி எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும். "விவசாயி அ-01", "விவசாயி அ-02" என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பனைப் பெயர் வைத்தால் அழகாக இருக்கும் என்று தோன்றும். நம் பக்கத்துப் பெயர்களை வைத்தால் குலசேகரத்தில் அந்தப் பெயரில் ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார்.

இனி விலை. பலரும் தவறவிடும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் போவோம்.

ஷீட் வியாபாரத்தில் கோட்டயம் விலை பொது விலை. ரப்பர் போர்டு தினமும் வெளியிடுகிறது, பத்திரிகையிலும் வருகிறது. விவசாயியிடம் கடைக்காரர் அதைவிட எவ்வளவு குறைத்து வாங்குகிறார் என்பதுதான் அவருடைய ரகசியம். அவருடைய பிழைப்பே அந்த இடைவெளியில் இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரருக்கு அது தெரிந்தால் மறுநாளே கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்து விவசாயிகளை இழுத்துவிடுவார்.

இப்போது நீங்கள் விலையை மறைக்க எல்லா எண்களையும் 1.3 ஆல் பெருக்கிவிட்டீர்கள் என்று வைப்போம். நிறையப் பேர் செய்வது இதுதான், பாதுகாப்பாகவும் தோன்றும். கணக்கைப் பாருங்கள், எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. கோட்டயம் விலை ஒரு நாள் 190 ரூபாய், இன்னொரு நாள் 194. உங்கள் முதலாளி ஏழு ரூபாய் குறைத்து 183-க்கும் 187-க்கும் வாங்கினார். உங்கள் திரையில் அது 237.90 என்றும் 243.10 என்றும் தெரியும். தேதி தெரிந்த ஒருவர் என்ன செய்வார்? உங்கள் இரண்டு எண்களின் வித்தியாசம் 5.20. கோட்டயம் விலையின் வித்தியாசம் 4. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.3. அதை வைத்து 237.90-ஐ வகுத்தால் 183. கோட்டயம் 190-இல் 183 போனால் ஏழு ரூபாய். பள்ளிக்கூடக் கணக்கு, முடிந்தது.

தேதியை அழித்துவிட்டால்? ஒன்றிரண்டு விலை மட்டும் இருந்தால் தப்பிக்கலாம். ஆனால் உங்கள் ஆப்பில் மாத வரைபடம் இருக்கும். அந்தக் கோடு எங்கே ஏறுகிறது, எத்தனை நாள் சமமாகப் போகிறது, எங்கே சட்டென்று இறங்குகிறது என்பதெல்லாம் கோட்டயம் விலையின் அதே வடிவம்தான். பொது விலையின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து நகர்த்திப் பார்த்தால் எந்த மாதம் என்று பொருந்திவிடும். பெருக்கினாலும் கூட்டினாலும் வடிவம் மாறாது.

அதனால் உண்மை எண்ணிலிருந்து எதையும் உருவாக்காதீர்கள். பழைய ஃபைலை மூடிவிட்டு, வெறும் தாளில் உங்கள் கையால் ஒரு கோடு வரைந்து அதற்கு எண் கொடுங்கள். விலை 100-ஐச் சுற்றி இருக்கட்டும், எந்த ரப்பர் விலையோடும் ஒட்டாதபடி. தரங்களுக்கு இடையில் உள்ள வித்தியாசத்தையும் புதிதாகவே வையுங்கள், அதுவும் கடைக்குக் கடை மாறும் ரகசியம். திரையின் அடியில் "காட்டப்பட்ட எண்கள் அனைத்தும் மாதிரி" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். உண்மைக் கணக்கு என்று யாரும் நம்பிவிடக் கூடாது, நீங்கள் பொய் சொன்னதாகவும் ஆகக் கூடாது.

மாற்றக் கூடாதது ஒன்று உண்டு. ஆப் வந்த பிறகு என்ன பலன் கிடைத்தது என்பதை இட்டுக்கட்டாதீர்கள். முன்பு சாயங்காலம் கணக்கு முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது, இப்போது அரை மணி நேரம் என்று முதலாளி சொல்லியிருந்தால் அதை எழுதலாம், அவருடைய அனுமதியோடு. வியாபாரம் இத்தனை சதவீதம் கூடியது என்று நீங்களாக எழுதினால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஆள் எடுக்கும் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். "இந்த 40 சதவீதத்தை எப்படி அளந்தீர்கள்?" என்று கேட்டால் பலரும் தடுமாறுவார்கள். அதற்குப் பதில், கூட்டமான சாயங்கால நேரத்தில் கை ஈரமாக இருக்கும் எடைக்காரர் திரையைத் தொட வேண்டியிருந்ததால் பட்டனை எவ்வளவு பெரிதாக்கினீர்கள், ஈரக் கழிவை எடைக்குப் பக்கத்திலேயே ஏன் காட்டினீர்கள் என்று சொல்லுங்கள். அதில் ரகசியம் எதுவும் இல்லை, உங்கள் திறமை முழுதும் அதில்தான் இருக்கிறது. விலையைக் காட்டி வேலை வாங்கிய டிசைனரை நான் பார்த்ததில்லை.

ரப்பர் என்பதையே சொல்லலாமா என்று கேட்பீர்கள். என் கருத்தில், உங்கள் விஷயத்தில் வேண்டாம். "விவசாயிகளிடம் நேரடியாக வாங்கும் ஒரு விளைபொருள் வியாபாரிக்காக, கடையில் எடை போடுபவர் பயன்படுத்தும் கொள்முதல் ஆப்" என்று எழுதினால் பார்ப்பவருக்குப் பிரச்சினை என்னவென்று புரிந்துவிடும். ஆர்எஸ்எஸ் 4 என்பதை "தரம் 1" என்று மாற்றிவிடலாம். ஒட்டுப்பால் என்ற வார்த்தை திரையில் எங்காவது நின்றால் மற்ற எல்லா மறைப்பும் வீண். நிறத்தையும் மாற்றுங்கள். கடைப் போர்டும் பில் புத்தகமும் அதே பச்சையும் மஞ்சளுமாக இருந்தால் லோகோ இல்லாமலே ஊர்க்காரர்கள் கண்டுபிடிப்பார்கள்.

திரையை மாற்றியாகிவிட்டது, ஃபைல் மிச்சம் இருக்கிறது. மறைத்தது மறைந்ததா என்று இங்கேதான் பார்க்க வேண்டும். பிடிஎஃப்-இல் எழுத்தின் மேல் கறுப்புப் பெட்டி வைத்தால் கீழே எழுத்து அப்படியே இருக்கும். ஃபைலைத் திறந்து எல்லாவற்றையும் செலக்ட் செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்து பாருங்கள், கடைப் பெயர் வந்து விழுந்தால் மறைப்பு பொய். மங்கலாக்குவதையும் கட்டம் கட்டமாக்குவதையும் நம்பாதீர்கள். எண்களைப் பொறுத்தவரை அவற்றைத் திரும்பக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு, எழுத்துரு தெரிந்திருந்தால் இன்னும் சுலபம். எழுத்தை மாற்றி எழுதுவதுதான் ஒரே வழி. ஃபிக்மாவில் படத்தை வெட்டினால் வெட்டிய பகுதி உள்ளேயே இருக்கும். பழைய ஃபைலின் லிங்க்கைக் கொடுத்தால் மறைத்து வைத்த லேயர், முதலாளி மகன் எழுதிய கமென்ட் எல்லாம் சேர்ந்து போகும். லிங்க் வேண்டாம், படமாக ஏற்றுமதி செய்து அதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். கடையில் செல்ஃபோனில் எடுத்த படம் ஏதாவது சேர்க்கிறீர்கள் என்றால் அதற்குள் இடத்தின் குறியீடு இருக்கலாம். அதை நீக்க exiftool என்ற மென்பொருளில் ஒரு கட்டளை போதும்:

```
exiftool -all= photo-01.jpg
```

இது பழைய படத்தை `photo-01.jpg_original` என்ற பெயரில் பக்கத்திலேயே வைத்துவிடும், அதைத் தவறி அனுப்பிவிடாதீர்கள். ஃபைல் பெயரையும் பாருங்கள். உள்ளே எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, வெளியே கடைப் பெயரோடு "final-2.pdf" என்று அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, பிரதி தயார். இப்போது அனுமதி.

முதலாளி "போட்டுக்கோ" என்று சொன்னது மனதார சொன்னதாகவே இருக்கும். ஆனால் அவர் மனதில் என்ன படம் ஓடியது என்று உங்களுக்குத் தெரியாது. ஆப்பின் முகப்பை ஃபோனில் நாலு பேருக்குக் காட்டப்போகிறீர்கள் என்று நினைத்திருக்கலாம். விலைப் பக்கமும் பாக்கிப் பட்டியலும் இணையத்தில் வரும் என்று நினைத்திருக்க மாட்டார். நாளைக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஏதாவது சொன்னால், அல்லது கணக்கைப் பார்க்கும் மகன் "யார் கேட்டு போட்டாங்க?" என்று கேட்டால், வாய்ச்சொல் நிற்காது. உங்கள் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். ரகசியம் பற்றிய வரிக்குப் பக்கத்தில் "எழுத்துப்பூர்வ முன் அனுமதியின்றி" என்று இருந்தால் வாய்ச்சொல் அந்த நிபந்தனையை நிறைவேற்றாது.

இங்கே பலரும் குழப்பிக்கொள்வது காப்புரிமையை. "டிசைன் நான் செய்தது, எனக்கு உரிமை இருக்கிறது" என்பார்கள். பாதி சரி. 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டப்படி சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாகச் செய்ததற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே உரிமையாளர். ஃப்ரீலான்ஸராகச் செய்த டிசைனில் பொதுவாக உரிமை உங்களிடமே இருக்கும், கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால்தான் மாறும். ஆனால் ரகசியம் வேறு விஷயம். பட்டனும் நிறமும் உங்களுடையதாக இருந்தாலும் அதற்குள் இருக்கும் விலையும் பெயரும் அவர் உங்களை நம்பிக் கொடுத்தவை. இந்தியாவில் வியாபார ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை என்பதால் யாரும் கேட்க முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தை மீறியதற்காகவும் நம்பிக்கையை மீறியதற்காகவும் வழக்குப் போட முடியும்.

யாரிடம் வாங்குவது? கடை ஒருவர் பெயரில் இருந்தால் அவரிடம். கூட்டு வியாபாரம் என்றால் பங்குதாரர் ஒருவர் கையெழுத்துப் போட்டாலும் மற்றவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், கடிதத்தைப் பெறுபவர் வரிசையில் அவர்களையும் சேர்த்துவிடுங்கள். மேனேஜரின் சம்மதம் செல்லாது. இந்த வேலை உங்களுக்கு வேறொரு ஏஜென்சி வழியாக வந்திருந்தால் உங்கள் ஒப்பந்தம் ஏஜென்சியோடுதான். அப்போது ஏஜென்சியிடமும் வாங்க வேண்டும், அவர்கள் வழியாகக் கடைக்காரரிடமும் வாங்க வேண்டும்.

கடிதம் இப்படி இருக்கலாம். தமிழிலேயே எழுதுங்கள், அவர் படித்துப் புரிந்து கையெழுத்துப் போடுவதுதான் முக்கியம்.

> பொருள்: கொள்முதல் ஆப் டிசைனை என் போர்ட்ஃபோலியோவில் காட்ட அனுமதி
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> தங்கள் கடைக்கு நான் செய்து கொடுத்த கொள்முதல் ஆப்பின் டிசைனை, வேலை தேடும்போது என் திறமையைக் காட்டுவதற்காகப் பயன்படுத்த அனுமதி கேட்கிறேன். காட்டப்போவது இத்துடன் இணைத்துள்ள 6 பக்கங்கள் மட்டுமே.
>
> இந்த 6 பக்கங்களில் தங்கள் பெயர், கடைப் பெயர், ஊர், பொருளின் பெயர், விலை, விவசாயிகளின் விவரம் எதுவும் இல்லை. எண்கள் அனைத்தும் நானே எழுதிய மாதிரி எண்கள். கடையின் பெயரை நேர்காணலிலும் சொல்ல மாட்டேன்.
>
> இதை என் இணையதளத்திலும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அனுப்பும் பிடிஎஃப்-இலும் மட்டும் பயன்படுத்துவேன். வேறு இடத்தில் போடவோ பக்கங்களை மாற்றவோ நேர்ந்தால் மறுபடியும் கேட்பேன்.
>
> எப்போது வேண்டாம் என்று தெரிவித்தாலும் 7 நாளுக்குள் இணையதளத்திலிருந்து எடுத்துவிடுவேன், அதன் பிறகு யாருக்கும் அனுப்ப மாட்டேன்.
>
> தங்களுக்குச் சம்மதம் என்றால், "இணைப்பில் உள்ள 6 பக்கங்களையும் பார்த்தேன், மேற்கண்டபடி பயன்படுத்தச் சம்மதம்" என்று தங்கள் பெயரையும் பொறுப்பையும் சேர்த்துப் பதில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பக்க எண்ணிக்கையை எழுதுவது முக்கியம், பின்னால் எந்தப் பக்கத்துக்குச் சம்மதித்தார் என்ற பேச்சே வராது. மின்னஞ்சலில் பதில் வந்தால் போதும், நம் சட்டம் மின்னணு வழியில் செய்த ஒப்பந்தத்தை ஏற்கிறது. வாட்ஸாப் பதிலும் இல்லாததற்கு நல்லதுதான், ஆனால் ஃபோன் மாறினால் போய்விடும், எந்த ஃபைலுக்குப் பதில் என்பதும் குழம்பும். மின்னஞ்சல் பழக்கமில்லாதவர் என்றால் கடிதத்தையும் 6 பக்கங்களையும் இரண்டு செட் அச்சடித்து நேரில் போங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம், கடைசியில் கையெழுத்து, தேதி, கடை சீல். ஒரு செட் அவரிடம், ஒரு செட் உங்களிடம். முத்திரைத்தாள் எல்லாம் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். அந்தச் செட்டில் அவர் பெயர் இருக்கிறது என்பதால் அதை போர்ட்ஃபோலியோவோடு சேர்த்து யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

நேரில் போகும்போது கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைப் பார்த்தா நம்ம லைன்ல இருக்க யாருக்காவது உங்க கடைன்னு தெரியுமா?" வேறு யாரிடமும் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது, காட்டினாலே வெளியிட்டதாக ஆகிவிடும். அவர்தான் சரியான ஆள். விலை கொடுக்கும் முறையில் ஒரு சின்ன வழக்கம், ரசீதில் ஒரு கட்டம், முன்பணத்துக்கு அந்தக் கடையில் மட்டும் சொல்லும் ஒரு பெயர் என்று உங்கள் கண்ணுக்குத் தெரியாத அடையாளத்தை அவர் விரலை வைத்துக் காட்டுவார். அதை அங்கேயே குறித்துக்கொண்டு, மாற்றிய பிறகு புதிய பக்கங்களுக்கு மறுபடி சம்மதம் வாங்குங்கள். கூலியில் பாக்கி இருக்கும்போது இதைக் கேட்காதீர்கள், இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

அவர் பதிலே சொல்லாவிட்டால்? பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். பதில் இல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. "இந்தத் தேதிக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று கொள்வேன்" என்று எழுதும் பழக்கமும் ஒப்பந்தம் கேட்கும் எழுத்துப்பூர்வ அனுமதிக்கு ஈடாகாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பாஸ்வேர்டு போட்ட பக்கத்தில் வைத்து ஒருவருக்கு மட்டும் காட்டுகிறேன் என்பதும் வெளியிடுவதுதான். நேர்காணலில் உங்கள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுவதும் அப்படியே.

அப்போதும் வழி இருக்கிறது. இந்த வேலையில் நீங்கள் கற்றதை வைத்துப் புதிதாக ஒன்றைச் செய்யுங்கள்: பால் சொசைட்டிக்கு ஒரு எடைப் பதிவு ஆப், யாரும் கேட்காமல் நீங்களே செய்தது என்று தலைப்பிலேயே எழுதி. பெரிய பட்டன், கூட்ட நேரம், படிக்கச் சிரமப்படுபவருக்கு எண்ணை எப்படிக் காட்டுவது போன்ற பொதுவான அறிவு உங்களுடையது, அதை யாரும் தடுக்க முடியாது. பழைய ஃபைலைத் திறந்து நிறம் மாற்றி வேறு பெயர் வைப்பது மட்டும் கூடாது. நேர்காணலில் கேட்டால் "ஒரு கொள்முதல் ஆப் செய்திருக்கிறேன், வாடிக்கையாளர் அனுமதிக்காததால் காட்ட முடியாது" என்று சொல்லலாம். வேலை நடந்ததையே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதையும் சொல்லாதீர்கள். விவரம் தெரிந்த கம்பெனி இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாது. நாளைக்கு அவர்களுடைய ரகசியமும் உங்கள் கையில்தானே இருக்கப்போகிறது.

அடுத்த வேலைக்கு விலை கொடுக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தில் "வேலை முடிந்து 3 மாதத்துக்குப் பிறகு, அடையாளம் நீக்கிய பக்கங்களை வாடிக்கையாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பின் டிசைனர் தன் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம்" என்று ஒரு வரி போதும். வேலை தொடங்கும் முன் யாரும் மறுப்பதில்லை என்று சொல்ல மாட்டேன், சிலர் மறுப்பார்கள். ஆனால் அப்போதே தெரிந்துவிட்டால், வேலை செய்யும்போதே மாதிரி எண்களோடு ஒரு தனி ஃபைல் வைத்துக்கொள்வதா, இந்த வேலையைக் காட்டவே முடியாது என்று கணக்கில் எடுத்துக் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்பதா என்று நீங்கள் முடிவெடுக்கலாம்.

அனுமதி வந்த பிறகு ஒரு சின்னக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்: எந்தத் தேதியில், எந்தக் கம்பெனிக்கு, எந்த ஃபைலை அனுப்பினீர்கள் என்று. அவர் எடுக்கச் சொல்லும் நாளில் உங்கள் தளத்திலிருந்து நீக்குவது சுலபம், அனுப்பிய பிடிஎஃப்-களைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் யார் யாருக்குப் போனது என்று அவரிடம் சொல்ல முடியும், அவர்களுக்கும் அழித்துவிடச் சொல்லி எழுத முடியும்.